நொதியும் வெப்பநிலையும்: திருத்தப் பயிற்சித் தாள்

சென்ற தேர்வில் என் சிவப்பு மையை அதிகம் குடித்தது ஒரே ஒரு வாக்கியம்: "0 °செ வெப்பநிலையில் நொதி இயல்பிழந்துவிட்டதால் வினை நடக்கவில்லை." பாதிக்கு மேற்பட்ட தாள்களில் அது இருந்தது. எழுதியவர்கள் படிக்காதவர்கள் அல்லர். படித்த சொல் கைவசம் இருந்ததால், பொருந்துகிறதா என்று பார்க்காமல் வைத்துவிட்டார்கள். இந்தத் தாள் அந்த ஒரு பிழைக்காகவே. 20 மதிப்பெண்கள், 35 நிமிடங்கள். விடைப் பகுதியை மடித்து வைத்துவிட்டு எழுதுங்கள்.

வினா 1 (6 மதிப்பெண்கள்)

மூன்று சோதனைக்குழாய்களில் தலா 5 மி.லி. ஸ்டார்ச் கரைசல் உள்ளது. குழாய் 1 பனிக்கட்டி நீரிலும் (0 °செ), குழாய் 2 37 °செ நீர்த்தொட்டியிலும், குழாய் 3 90 °செ நீர்த்தொட்டியிலும் வைக்கப்பட்டன. அதே வெப்பநிலைகளில் 10 நிமிடம் தனியே வைத்திருந்த அமைலேஸ் கரைசல், ஒவ்வொன்றிலும் 1 மி.லி. சேர்க்கப்பட்டது. மேலும் 10 நிமிடம் கழித்து ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளி எடுத்து, வெள்ளை ஓட்டில் ஆறவிட்டு, அயோடின் சேர்த்தபோது: குழாய் 1 கருநீலம், குழாய் 2 பழுப்பு மஞ்சள், குழாய் 3 கருநீலம்.

அ) குழாய் 1, 3 இரண்டிலும் நொதிக்கு ஒரே கதிதான் நேர்ந்தது என்று இந்த முடிவை மட்டும் வைத்துச் சொல்லலாமா? (1)

ஆ) குழாய் 1, 3 இரண்டையும் 37 °செ நீர்த்தொட்டிக்கு மாற்றி 20 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தால் என்ன நிறங்கள் தெரியும்? காரணத்துடன் எழுதுக. (4)

இ) துளியை ஆறவிட்டது ஏன்? (1)

வினா 2 (5 மதிப்பெண்கள்)

ஒரு நொதியின் வினைவேகம், கலந்த முதல் நிமிடத்தில் அளக்கப்பட்டது (மி.கி./நிமிடம்):

| வெப்பநிலை (°செ) | வேகம் |
|---|---|
| 0 | 1 |
| 10 | 4 |
| 20 | 8 |
| 30 | 16 |
| 40 | 26 |
| 50 | 12 |
| 55 | 4 |
| 60 | 0 |

அ) 10 °செ, 55 °செ இரண்டிலும் வேகம் 4. ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்ததற்கான காரணம் என்ன? (2)

ஆ) இரு குழாய்களும் அதே வெப்பநிலைகளில் மேலும் 30 நிமிடம் இருக்கின்றன, தளப்பொருள் தீராமல் ஊற்றப்படுகிறது. மீண்டும் அளந்தால் எதில் மாற்றம் தெரியும்? (1)

இ) அதன்பின் இரண்டையும் 40 °செ-க்கு மாற்றினால்? (2)

வினா 3 (3 மதிப்பெண்கள்)

கேட்டலேஸ் கரைசல் இரு பங்காக்கப்பட்டது. முதல் பங்கு ஒரு மணி நேரம் பனிக்கட்டியில் இருந்தது. இரண்டாம் பங்கு 5 நிமிடம் கொதிக்கவைக்கப்பட்டு, பிறகு ஒரு மணி நேரம் பனிக்கட்டியில் இருந்தது. இரண்டும் 37 °செ-க்குக் கொண்டுவரப்பட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கப்பட்டது. முதல் பங்கில் நுரை 6 செ.மீ. எழுந்தது, இரண்டாம் பங்கில் நுரையே இல்லை. ஒரு மாணவர், "குளிர் கேட்டலேஸை அழித்துவிட்டது" என்று எழுதினார். இந்தச் சோதனையைக் கொண்டே அவரை மறுத்து எழுதுக.

வினா 4 (3 மதிப்பெண்கள்)

வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் டி.என்.ஏ. பாலிமரேஸ் 72 °செ அளவில் மிக வேகமாக வேலை செய்கிறது. 37 °செ-இல் மிகமிக மெதுவாக. "37 °செ-இல் அது இயல்பிழந்துவிட்டது" என்பது சரியா?

வினா 5 (3 மதிப்பெண்கள்)

சரியா, தவறா? தவறெனில் திருத்துக.

அ) இயல்பிழத்தலின்போது பெப்டைடு பிணைப்புகள் அறுந்து, நொதி அமினோ அமிலங்களாகப் பிரிகிறது.

ஆ) 5 °செ-இல் தளப்பொருள் நொதியின் செயல் மையத்தில் பொருந்தவே முடியாது.

இ) இயல்பிழந்த எந்தப் புரதமும் ஒருபோதும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

---

விடைகளும் விளக்கமும்

1. அ) சொல்ல முடியாது. கருநீலம் "ஸ்டார்ச் இன்னும் இருக்கிறது" என்று மட்டுமே சொல்கிறது. ஏன் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஆ) குழாய் 1 பழுப்பு மஞ்சளாகும், குழாய் 3 கருநீலமாகவே இருக்கும். பனிக்கட்டி நீரில் மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல் குறைவு. நொதியும் ஸ்டார்ச்சும் அரிதாகவே மோதின. மோதியவற்றிலும் வினைக்குப் போதிய ஆற்றல் இருந்தவை சொற்பம். நொதியின் வடிவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவே சூடு வந்ததும் வேலை வேகமெடுத்தது. 90 °செ-இல் நொதிச் சங்கிலியின் மடிப்புகளைப் பிடித்திருந்த ஹைட்ரஜன் பிணைப்பு முதலான வலுக்குறைந்த பிணைப்புகள் அறுந்தன. செயல் மையம் உருமாறியது. ஸ்டார்ச் இனி அதில் பொருந்தாது. பிறகு 37 °செ-க்கு இறக்கினாலும் பயனில்லை.

நிறத்துக்கு ஒவ்வொரு மதிப்பெண், காரணத்துக்கு ஒவ்வொரு மதிப்பெண். "குழாய் 1-இல் நொதி இயல்பிழந்தது, பிறகு சரியாகிவிட்டது" என்று எழுதினால் நிறத்துக்கு மட்டுமே மதிப்பெண். "நொதி இறந்துவிட்டது" என்பதற்கு எதுவும் கிடையாது: நொதி உயிரி அன்று, மூலக்கூறு.

இ) சூடான ஸ்டார்ச் கரைசலில் அயோடினின் கருநீலம் மறைந்துவிடும். ஆறவிடாமல் பார்த்திருந்தால் 90 °செ-இல் ஸ்டார்ச் தீர்ந்துவிட்டதாக ஏமாந்திருப்போம்.

2. இந்தத் தாளில் எனக்குப் பிடித்த வினா இதுதான். வரைபடத்தின் இரு சரிவுகளும் ஒரே உயரத்தில் நிற்கும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

அ) 10 °செ-இல் நொதி மூலக்கூறுகள் அனைத்தும் முழுதாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் மெதுவாக உழைக்கிறது. 55 °செ-இல் பெரும்பாலானவை உருக்குலைந்துவிட்டன. எஞ்சிய சில மட்டும் விறுவிறுப்பாக உழைக்கின்றன. இருபது பேர் நிதானமாகச் செய்த வேலையும் இரண்டு பேர் ஓடியோடிச் செய்த வேலையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றாக வரலாம்.

ஆ) 55 °செ குழாயில் வேகம் மேலும் குறையும், ஏனெனில் நேரம் ஆக ஆக இன்னும் பல மூலக்கூறுகள் உருக்குலைகின்றன. 10 °செ குழாயில் அதே 4. குளிர் எவ்வளவு நேரம் நீடித்தது என்பது இங்கே கணக்கில் வராது.

இ) 10 °செ குழாயின் வேகம் 26-ஐ ஒட்டி உயரும். மற்றதில் 4-ஐயும் எட்டாது: மூலக்கூறுகள் சில, அவையும் இப்போது முன்னைவிடச் சற்று மெதுவாக. "இரண்டும் 26" என்று எழுதியவர்கள் (அ) பகுதியை மீண்டும் படிக்கவும்.

3. இரு பங்குகளும் ஒரு மணி நேரம் பனிக்கட்டியில் இருந்தன (1). முதல் பங்கில் நுரை எழுந்ததால் குளிர் அழிக்கவில்லை (1). இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கொதித்த 5 நிமிடம் மட்டுமே. இயல்பிழந்தது அப்போதுதான் (1). கொதித்ததைக் குளிரவைத்தால் "மீளும்" என்று நம்புபவர்களுக்கும் இதே விடைதான்.

4. தவறு. இந்த நொதிக்கு 37 °செ என்பது குளிர். வடிவம் கெடவில்லை, 72 °செ-க்கு ஏற்றினால் வேகம் வரும். "குறைந்த வெப்பநிலை" என்பதை நம் உடல் வெப்பத்தை வைத்து அளக்காமல், அந்தந்த நொதியின் உகந்த வெப்பநிலையை வைத்து அளக்க வேண்டும்.

5. அ) தவறு. பெப்டைடு பிணைப்புகள் அப்படியே இருக்கின்றன. சங்கிலி அறுவதில்லை, மடிப்பு குலைகிறது.

ஆ) தவறு. பொருந்தும், ஆனால் சந்திப்புகள் குறைவு.

இ) தவறு. ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை யூரியா முதலிய வேதிப்பொருள்களால் குலைத்து, அவற்றை நீக்கியபோது அது தானே மீண்டும் மடிந்து வேலை செய்ததைக் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் காட்டினார். 1972-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே "ஒருபோதும்" என்று எழுதாதீர்கள். ஆனால் குழாய் 3 போன்ற வினாவில், வினாவே வேறு தகவல் தராதவரை, "மீளவில்லை" என்றே எழுதுங்கள்.