குழு ஒற்றுமை நாள்: நிகழ்ச்சி நிரல்

நமது சென்னை அலுவலகத்தின் குழு ஒற்றுமை நாள் 2026 நவம்பர் 21, சனிக்கிழமை, வளாகத் தோட்டத்தில் நடைபெறும்.

காலை 9.30 மணிக்குச் சிற்றுண்டி. 10 மணிக்கு, மூத்தவரும் புதியவரும் கலந்த ஐவர் குழுக்கள், தத்தம் முதல் வேலைநாள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும். பேச விரும்பாதவர் எழுதியோ வரைந்தோ தரலாம். 11 மணிக்குப் பல்லாங்குழி, கேரம், தாயம் ஆகியவை மேசைகளில் நடைபெறும். முழங்கால் வலியுள்ளவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் ஓரமாக அமர்ந்து கைதட்டுபவராக மட்டும் இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஓட்டப் போட்டிகளையும் கயிறு இழுத்தலையும் இம்முறை தவிர்த்துள்ளோம். மதியம் 1 மணிக்குச் சைவ, அசைவ உணவு. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறுதானிய உணவும் உண்டு. 3 மணிக்கு நிறைவு.

வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால், காலை 7 மணிக்கு மழை பெய்தால், இதே நிரல் மின்தூக்கி வசதியுள்ள இரண்டாம் தளக் கூடத்தில் நடைபெறும், குறுஞ்செய்தி அனுப்பப்படும். பங்கேற்பு கட்டாயமன்று.

– மனிதவளப் பிரிவு