சரவணன் வீட்டு மொட்டைமாடியில், ரோஸ்மில்க் டம்ளரோடு

எல்லோருக்கும் வணக்கம். காலையில் நாலரை மணி கிரகப்பிரவேச முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

சரவணனைக் கல்லூரி விடுதியிலிருந்தே தெரியும். கொடியில் காயும் துண்டு யாருடையது என்று கடைசிவரை தெரியாத அறையில் என்னோடு குடியிருந்தவன், இன்றைக்கு வாசலிலேயே நின்று "செருப்பை ஸ்டாண்டில் வைடா, டைல்ஸில் மண் ஒட்டும்" என்கிறான். சரி மாப்ளே, வீடு உன்னுடையது. இருபது வருஷத்துக்கு பேங்க்குடையதும்தான்.

கொத்தனார் "நாளைக்கு வர்றேன் சார்" என்றதை ஒவ்வொரு முறையும் நம்பி லீவு போட்ட ஒரே மனிதன் இவன். எலக்ட்ரீஷியன் ஹால் ஃபேன் சுவிட்சைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார், காற்று வேண்டுமென்றால் முதலில் கதவைச் சாத்த வேண்டும். காலையில் உள்ளே வந்த பசுமாடு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோலத்தின் நடுவிலேயே சாணி போட்டது. பெரியம்மா "மகாலட்சுமியே வந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார், இவன் முகத்தைப் பார்க்கணுமே... டைல்ஸ் ஆச்சே!

உண்மையில் இந்த வீட்டைக் கட்டி முடித்தது கவிதா. எம்-சாண்ட் லோடு முதல் கதவுக் கீல் வரை எல்லாம் அவங்க நோட்டில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'மாடிப்படி கைப்பிடி, அடுத்த வருஷம்' என்றும் இருக்கிறது, ஆகவே இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டம்ளரைத் தூக்குங்கள்! சரவணனுக்கும் கவிதாவுக்கும்! போர் தண்ணீர் வற்றாமல் இருக்கட்டும், இஎம்ஐ சீக்கிரம் தீரட்டும், எனக்கு மாடியில் எப்போதும் ஒரு பாய் கிடக்கட்டும்.

அப்புறம், பந்தி போட்டாச்சாம். வாங்க.