கார்த்திக்கு: அந்த நாலு ஓட்டு பற்றி

அன்புள்ள கார்த்தி,

நேற்று சித்தியிடம் பேசினேன். எம்.எல்.ஏ. தேர்தல் என்றால் ஓட்டுப் போடுவாயாம், ஊராட்சித் தேர்தலுக்கு மட்டும் வர மாட்டாயாம், "வார்டு மெம்பர் யார் வந்தால் என்ன" என்று கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை, இங்கே ஹாஸ்டலில் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் நீ கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாய்.

எம்.எல்.ஏ. தொகுதியில் லட்சக்கணக்கில் ஓட்டு. அங்கே உன் ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம். ஒரு வார்டில் நானூறு ஓட்டு என்று வை. நாலு பேர் நின்று, இருநூறு பேர்தான் வந்தார்கள் என்றால், எழுபது ஓட்டு வாங்கியவர்கூட ஜெயித்துவிடலாம். அந்த எழுபதை ஒரு பெரிய குடும்பமும் அதன் சம்பந்தி வீடுகளும் சேர்ந்தே தேற்றிவிடலாம், அடுத்த தெருவில் போய் யாரையும் கேட்கவே வேண்டாம். காசு கொடுப்பவருக்கும் எழுபது பேர் என்றால் மலிவுதான். முந்நூற்றைம்பது பேர் வரிசையில் நின்றால் அந்தக் கணக்கு உடைந்துவிடும், குழாயில் தண்ணீர் வராத தெருவுக்கும் அவர் வந்து பதில் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தவர்கள் உண்டு, சமமாக விழுந்து குலுக்கல் போட்டதும் உண்டு.

இன்னொன்று, யாருக்குப் போட்டாய் என்பதுதான் ரகசியம், போட்டாயா இல்லையா என்பது ரகசியமே இல்லை. பூத்தில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் பட்டியலில் ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டேதான் இருப்பார். எந்தத் தெரு வரவே வராது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வராத தெருவுக்கு எதற்கு விளக்குப் போட வேண்டும், நீயே சொல்.

மெம்பருக்கு அதிகாரம் இல்லை என்று நினைக்காதே. துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது மெம்பர்கள்தான், ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவது அந்தத் துணைத் தலைவர்.

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை கிராமங்களில் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். தெருவில் நிறுத்திக் கேட்க ஒரு மெம்பர்கூட இல்லை. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரை இழுத்தது, அப்புறமும் சென்னையில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வரவில்லை! எனக்கு அதுதான் எரிச்சல்.

சரி, வேலைக்கு வா. உள்ளாட்சிப் பட்டியலைச் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் தயாரிப்பார்கள், அதனால் உன் பெயர் அதில் இருக்கிறதா என்று இந்த வாரமே பார். இல்லையென்றால் பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடு. பூத்தில் நாலு சீட்டு தருவார்கள்: மெம்பர், தலைவர், ஒன்றியம், மாவட்டம். நாலும் வேறு வேறு நிறம், அவசரத்தில் முத்திரையை இரண்டு சின்னத்தில் குத்தினால் செல்லாது. தேதி வந்ததும் நான் முந்தின நாளே பஸ் ஏறிவிடுவேன், காலையில் சேர்ந்து போகலாம். பட்டியலைப் பார்த்துவிட்டு போன் பண்ணு.

உன் அக்கா,
நித்யா