கர்ப்பகால நீரிழிவுள்ள தாய்க்கு ஆலோசனை வழங்கும் முறை: தோட்டப் பிரிவுகளில் களப்பயிற்சி பெறும் மருத்துவ மாது மாணவியருக்கானது

இந்த வழிமுறை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்பிரிவில் வசிக்கும் ஒரு தாயை முன்வைத்து எழுதப்பட்டுள்ளது. வயது 29, இரண்டாவது கர்ப்பம், 26 வாரம். கொழுந்து பறிக்கும் வேலை. மூத்த பிள்ளை பிறக்கும்போது நிறை 3.9 கிலோகிராம். தாயின் அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையில் வெறும் வயிற்றுப் பெறுமானம் 96 ஆகவும், இரண்டு மணித்தியாலத்துக்குப் பிந்திய பெறுமானம் 162 ஆகவும் வந்திருக்கின்றன. வெறும் வயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டு மணித்தியாலத்தில் 153 என, டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் குறித்த மூன்று எல்லைகளில் ஏதேனும் ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படுவதால், இவருக்கு நோய் உறுதி. வைத்திய அதிகாரி அதைச் சொல்லிவிட்டார். மூன்று நாள் கழித்து நீங்கள் லயத்துக்குப் போகிறீர்கள்.

முதல் வீட்டுச் சந்திப்பு

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு முன்னரோ கொழுந்து நிறுவை நேரத்திலோ போகாதீர்கள். மாலை நான்கரைக்குப் பிறகு, அடுப்பு மூட்டும் வேளையில் போனால், என்ன சமைக்கிறார்கள் என்பதைக் கேட்காமலே காணலாம். மாமியார் வீட்டில் இருந்தால் அவரையும் அமரச் சொல்லுங்கள், ஏனெனில் அநேகமான வீடுகளில் மாவைப் பிசைபவரும் தேநீரில் சீனி போடுபவரும் அவர்தான்.

குற்ற உணர்வைத்தான் முதலில் அகற்ற வேண்டும். “நான் இனிப்புத் தின்றதால்தான் பிள்ளைக்கு இப்படியாகிவிட்டதா மிஸ்?” என்று பெரும்பாலான தாய்மார் கேட்பார்கள், கேட்காதவர்களும் மனதில் அதையே வைத்திருப்பார்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஓமோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதையும், அந்தத் தடையை ஈடுசெய்யும் அளவுக்கு உடல் கூடுதலாக இன்சுலின் சுரக்காதபோது இரத்தத்தில் சீனி ஏறுவதையும், நமது தெற்காசிய வம்சத்தாரிடமும் குடும்பத்தில் நோயுள்ளவர்களிடமும் இது அதிகம் காணப்படுவதையும் எளிய சொற்களில் விளக்குங்கள். “தங்கச்சி, இது நீங்கள் செய்த தவறு இல்லை. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கிற அதே நஞ்சுக்கொடியால் வருவது. பிள்ளை பிறந்து அது வெளியே வந்ததும் அநேகமானவர்களுக்குச் சீனி இறங்கிவிடும்” என்று சொன்னால் போதும்.

அடுத்து, ஏன் கவனிக்க வேண்டும் என்பது. தாயின் சீனி நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையை அடைகிறது. பிள்ளையின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அதனால் பிள்ளை அளவுக்கு மீறிப் பருத்து, பிரசவத்தில் தோள் சிக்கும் ஆபத்து உண்டாகிறது. பிறந்தபின் தாயிடமிருந்து வந்த சீனி திடீரென நிற்க, இன்சுலின் மட்டும் தொடர்வதால் பிள்ளையின் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். “குண்டுப் பிள்ளை ஆரோக்கியமான பிள்ளை” என்ற நம்பிக்கை லயங்களில் ஆழமாக இருப்பதால், இதைச் சொல்லும்போது மூத்த பிள்ளையின் நிறையை உதாரணமாக எடுக்காதீர்கள். தாய் அதைப் பழியாக எடுத்துக்கொள்வார்.

உணவைப் பற்றிப் பேசுதல்

நான் களத்துக்கு வந்த புதிதில், ஓட்ஸ், அப்பிள், ஆடை நீக்கிய பால் என்றெல்லாம் அச்சிட்ட உணவு அட்டவணையை ஒரு தாயிடம் கொடுத்தேன். அவர் மரியாதையாக வாங்கி, நான்காக மடித்துக் கிளினிக் அட்டைக்குள் வைத்தார். அடுத்த மாதம் அது அதே மடிப்போடு அங்கேயே இருந்தது. அந்த மாதத்தில் அவர் இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டிருந்தார். நிறை குறைந்து, சிறுநீரில் கீற்றோன் வந்திருந்தது. அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. “எதைச் சாப்பிடக் கூடாது” என்ற பட்டியலோடு போனால், தாய் பட்டினி கிடப்பதையே பத்தியம் என்று எடுத்துக்கொள்வார்.

ஆகவே நேற்றைய நாளை மணி மணியாகக் கேளுங்கள். மேலே சொன்ன தாயின் நாள் இப்படி இருந்தது: காலை ஐந்தரைக்கு மூன்று கரண்டி சீனியோடு தேத்தண்ணி, ஆறரைக்கு மீண்டும் தேத்தண்ணியும் ஒரு ரொட்டியும், மலையில் பத்து மணிக்குத் தேத்தண்ணி, பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு இறங்கி, கோதுமை மாவில் தட்டிய மூன்று தடித்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், மாலையில் இரண்டு தேத்தண்ணி, இரவு எட்டரைக்கு நிறையச் சோறு, கொஞ்சம் பருப்பு, உருளைக்கிழங்குக் கறி. மரக்கறி என்று அவர் சொன்னது அந்த உருளைக்கிழங்கைத்தான். நுவரெலியா மாவட்டத்தில் அந்தக் கிழங்கு மரக்கறிக் கூடையில் வருவதால் இந்தக் குழப்பம் எங்கும் உண்டு; கணக்கில் அது சோற்றோடுதான் சேரும்.

மாற்றத்தைத் தேநீரில் தொடங்குங்கள். ஐந்து கோப்பை, கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி என்றால் பதினைந்து கரண்டி. அதாவது ஒரு நாளில் ஏறத்தாழ 60 கிராம் சீனி. பதினைந்து கரண்டியையும் அவர்கள் வீட்டுச் சீனிப் போத்தலிலிருந்து ஒரு தட்டில் அளந்து குவித்துக் காட்டுங்கள். அந்தக் குவியலைப் பார்த்த மாமியாருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. சாயத் தேநீரைச் சீனியின்றி இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்கலாம். கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிப்பதும் சீனிதான்; கருப்பட்டியும் தேனும் அப்படியே. இதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனெனில் சீனியை விட்டவர்கள் பலர் கருப்பட்டிக்குப் போகிறார்கள்.

ரொட்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள். மூன்றை ஒன்றரையாக்கி, மெல்லியதாகத் தட்டி, மாவில் பாதி குரக்கன் சேர்த்து, முருங்கையிலையோ பொன்னாங்காணியோ அரிந்து பிசையலாம். கூடவே ஒரு முட்டையோ, கெட்டிப் பருப்போ, நெத்தலிக் கருவாடோ இருக்க வேண்டும். இரவுச் சோற்றைத் தட்டில் காற்பங்காகக் குறைத்து, இன்னொரு காற்பங்கில் பருப்பு, கடலை, முட்டை, மீன் ஆகியவற்றில் ஒன்றையும், மீதிப் பாதியில் போஞ்சி, கோவா, லீக்ஸ், கீரை போன்றவற்றையும் வைக்கச் சொல்லுங்கள். இவற்றில் பல லயத்துத் தோட்டத்திலேயே விளைபவை. திரிபோஷாவை நிறுத்த வேண்டியதில்லை. சீனி சேர்க்காமல் உருட்டி, கூடுதல் தீனியாக அல்லாமல் ஒரு வேளைச் சிற்றுணவாகக் கணக்கிட வேண்டும்.

உண்மையான சிக்கல் இடைவெளியே. ஆறரைக்கும் நண்பகலுக்கும் நடுவே ஒன்றுமில்லாமல் மலையில் நின்றுவிட்டுப் பகலில் மூன்று ரொட்டி உண்பவரின் சீனி செங்குத்தாக ஏறும். பத்து மணித் தேநீரோடு உண்ண, அவித்த கடலையோ பயறோ ஒரு கைப்பிடி, இடுப்பில் கட்டும் படங்கில் முடிந்துகொண்டு போகலாம். படுக்கும் முன் ஒரு சிறு உணவு இருந்தால் இரவுப் பட்டினி நீளாது.

நடை பற்றி ஒரு வரி போதும். கொழுந்து பறிப்பவரிடம் “நடங்கள்” என்று மொட்டையாகச் சொன்னால் சிரிப்பார். ஆயினும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் லயத்து வாசலில் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது, பகல் முழுதும் சரிவில் நின்றதால் கிடைக்காத தனிப் பயன் தரும் என்பதை விளக்குங்கள்.

இரத்தச் சீனியைப் பார்த்தல்

வெறும் வயிற்றில் 95க்குக் குறைவாகவும், உணவுக்குப் பின் ஒரு மணித்தியாலத்தில் 140க்கும் இரண்டு மணித்தியாலத்தில் 120க்கும் குறைவாகவும் இருப்பதே இலக்கு. நேரத்தை முதல் கவளத்திலிருந்து எண்ண வேண்டும். சாப்பிட்டு முடித்ததிலிருந்து எண்ணுவது நமது மாணவியரும் விடும் பிழை. பரிசோதனை நாளன்று மட்டும் குறைவாக உண்டு நல்ல பெறுமானம் காட்டும் தாயைக் கடிந்துகொள்ளாதீர்கள். கிளினிக் நாளில் முழுநாள் வேலைக் கணக்கான பேர் விழாது, அரைப்பேர்கூடச் சில இடங்களில் கிடைக்காது. அந்த நாள் சம்பளத்தை இழந்து வருபவர் திட்டு வாங்கினால் அடுத்த முறை வரமாட்டார்.

இன்சுலின் தேவைப்பட்டால்

உணவு மாற்றத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் இலக்கை எட்டாவிட்டால் வைத்தியர் மெற்போமினோ இன்சுலினோ தொடங்குவார். “ஊசி போட்டால் சாகும்வரை போட வேண்டும்” என்ற அச்சத்தை நீங்களே முதலில் எடுத்துப் பேசுங்கள். இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையிடம் போவதில்லை. பெரும்பாலானோருக்குப் பிரசவத்தோடு நிறுத்தப்படும். பாவக்காய்ச் சாறும் குறிஞ்சா இலைக் கஞ்சியும் ஊசிக்கு மாற்று அல்ல. அருந்துகிறார் என்றால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லச் செய்யுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், பாவனையிலுள்ள குப்பியை அடுப்பிலிருந்தும் வெயில் விழும் தகரத்திலிருந்தும் தள்ளி, ஈர மணல் போட்ட மண் சட்டிக்குள் மூடி வைக்கலாம். திறக்காத குப்பிகளைத் தோட்ட வைத்தியசாலையில் வைத்துத் தர ஏற்பாடு செய்யுங்கள்.

ஊசி போட்டுவிட்டு உண்ணாமல் பெரட்டுக்கு ஓடுவதே மிகப் பெரிய ஆபத்து. பனி மூடிய காலையில் எல்லோரும் குளிரில் நடுங்கும்போது ஒருவருக்கு மட்டும் உள்ளங்கை வியர்த்தால், அதை உடன் வேலை செய்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் ஆகியவையும் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுத்து, தெளிந்ததும் உணவு கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். சீனி மடித்த பொட்டலம் எப்போதும் படங்கில் இருக்கட்டும். சீனியை விடச் சொன்ன நீங்களே சீனியைக் கட்டிக்கொண்டு போகச் சொல்வது தாய்க்குக் குழப்பமாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் தம் வாயால் திரும்பச் சொல்லும்வரை எழும்பாதீர்கள்.

ஆபத்து அறிகுறிகளும் பிரசவமும்

பிள்ளையின் அசைவு குறைதல், கடும் தலைவலி, பார்வை மங்கல், முகமும் கையும் வீங்குதல், நீர் உடைதல், இரத்தப்போக்கு ஆகியவற்றில் எதுவானாலும் அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்கக் கூடாது. பிரசவம் விசேட வைத்திய நிபுணர் உள்ள வைத்தியசாலையிலேயே நடக்க வேண்டும். மேற்பிரிவிலிருந்து பிரதான வீதி வரை இரவில் எந்த வாகனம், யாருடைய தொலைபேசி என்பதை 34ஆம் வாரத்துக்குள் முடிவுசெய்து எச் 512 அட்டையில் எழுதுங்கள்.

பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுக் கற்கண்டுத் தண்ணீர் வைப்பது கூடாது. குழந்தையின் குதியில் குத்திச் சீனி பார்ப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே சொன்னால், குடும்பத்தார் பயப்படமாட்டார்கள்.

பிரசவத்துக்குப் பின்

ஆறு வாரத்தில் மீண்டும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். பதிவுள்ள தொழிலாளிக்குப் பிரசவ விடுமுறை 84 நாள். அதற்குள் இந்தப் பரிசோதனை விழுகிறது, ஆகவே சம்பள இழப்பு இல்லை என்பதை எடுத்துச் சொல்லுங்கள். கைக்காசுக்கு வேலை செய்பவருக்கு அந்த வசதி இல்லாததால், அவருடைய திகதியைக் குழந்தையின் தடுப்பூசி நாளோடு இயன்றவரை பொருத்துங்கள். பெறுமானம் சரியாக வந்தாலும் ஆண்டுதோறும் சீனி பார்க்க வேண்டும். அடுத்த கர்ப்பம் தெரிந்த உடனேயே சொல்ல வேண்டும்.

முதல் சந்திப்பில் இவை அனைத்தையும் கொட்டாதீர்கள். அன்றைக்குத் தேநீர், ரொட்டி, பத்து மணிக் கடலை ஆகிய மூன்றும் போதும். எழும்பும் முன், நாளை காலை என்ன செய்வார் என்று தாயிடமே கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே உங்கள் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த வாரம் வரும் நாளையும் நேரத்தையும் மாமியாரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.