பாடக்குறிப்பு: திருத்திய படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

வகுப்பு: ஒன்பது, 38 மாணவர்கள், எட்டுக் குழுக்கள்
நேரம்: 45 நிமிடப் பீரியட் இரண்டு, அடுத்தடுத்த நாட்களில்
இடம்: முதல் நாள் வகுப்பறையும் மைதானமும், இரண்டாம் நாள் ஹைடெக் லேப்
தேவையானவை: நான்கு படங்களின் ஏ4 அச்சு (குழுவுக்கு ஒரு செட்), பட்டர் பேப்பர், பென்சில், அடிக்கோல்

கற்றல் விளைவு: ஒரு படத்தைப் பார்த்ததும் "நிஜம்", "பொய்" என்று சொல்லிவிடாமல், எதைச் சரிபார்த்தேன், என்ன கிடைத்தது என்று மாணவர் காரணத்தோடு எழுத வேண்டும்.

போன வருடம் இதே பாடத்தை எடுத்தபோது பொய்ப் படங்களை மட்டுமே காட்டினேன். பீரியட் முடியும்போது பிள்ளைகள் எதைக் காட்டினாலும் "எடிட் சார்" என்றார்கள். செய்தித்தாளில் வந்த நல்ல படத்தையும் நம்பவில்லை. எல்லாவற்றையும் நம்புகிற பிள்ளையும் எதையுமே நம்பாத பிள்ளையும் படத்தைப் பார்ப்பதில்லை. அதனால் இந்தமுறை நிஜப் படம் ஒன்றும் கலந்திருக்கிறது. இந்தப் பாடத்தை எடுக்கும் மற்ற ஆசிரியர்களும் தயவுசெய்து அதை விட்டுவிட வேண்டாம்.

முதல் நாள்

தொடக்கம், 8 நிமிடம். எதுவும் சொல்லாமல் இரண்டு படங்களைக் காட்டவும். ஒன்றில் வெள்ளம் மூடிய நெடுஞ்சாலையில் காருக்குப் பக்கத்தில் ஒரு சுறா நீந்துகிறது. இன்னொன்றில் மழை இரவில் சென்னைப் புறநகர்ச் சாலையை ஒரு முதலை கடக்கிறது. எது நிஜம் என்று கை தூக்கச் சொல்லி, எண்ணிக்கையைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதவும். விடையை இன்று சொல்ல வேண்டாம். எவ்வளவு கெஞ்சினாலும் நாளைக்குத்தான். அந்த எண்களை அழிக்காமல் வைத்திருக்கவும்.

புகையை நகலெடுத்தல், 20 நிமிடம். முதல் நாளின் முக்கியப் பகுதி இதுதான். 2008 ஜூலையில் ஈரான் ஏவுகணைச் சோதனை நடத்தியபோது, நான்கு ஏவுகணைகள் ஒன்றாகக் கிளம்பும் படத்தைப் புரட்சிக் காவல்படையின் செய்தித் தளம் வெளியிட்டது. ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அதை உலகமெங்கும் அனுப்பியது, பல நாளிதழ்கள் முதல் பக்கத்தில் போட்டன. அச்சைக் குழுக்களுக்குக் கொடுத்து, "நாலில் ஒன்று ஒட்டுவேலை, எது?" என்று மட்டும் கேட்கவும்.

முதலில் வானத்தைப் பார்ப்பார்கள், ஏவுகணையின் மூக்கைப் பார்ப்பார்கள். விட்டுவிடவும். ஐந்து நிமிடம் கழித்துப் பட்டர் பேப்பரைக் கொடுத்து, தரையருகே கிளம்பும் தூசியின் ஓரத்தைப் பென்சிலால் வரையச் சொல்லவும். பிறகு தாளை நகர்த்திப் பக்கத்து ஏவுகணையின் தூசிமேல் வைக்கட்டும். வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது ஏவுகணையின் தூசி, பக்கத்தில் இருப்பதோடு மேடுபள்ளம் உட்பட அப்படியே பொருந்தும். வால்புகை இன்னொன்றோடு பொருந்தும். புகை ஒருமுறை சுருண்ட மாதிரி இன்னொருமுறை சுருளாது என்பது அடுப்படியில் நின்ற பிள்ளைக்கே தெரியும். அந்தப் பிள்ளை வாயாலேயே இதைச் சொல்ல விடவும். பின்னால் கிடைத்த இன்னொரு படத்தில் மூன்று ஏவுகணைகள்தான் கிளம்பியிருந்தன, நான்காவது தரையிலேயே நின்றது என்பதைக் கடைசியில் சொல்லலாம்.

நிழல், 12 நிமிடம். நான்கு பேரை மைதானத்தில் நிறுத்தவும். ஒருவருடைய நிழலின் தலையிலிருந்து அவருடைய நிஜத் தலை வழியாக ஒரு கோட்டை மனதில் நீட்டினால் அது சூரியனில் போய் முட்டும். மற்ற மூவருக்கும் அப்படியே. படத்திலும் இதே விதிதான்: அடிக்கோல் வைத்து இழுத்த கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியை நோக்கிப் போக வேண்டும். போகாத ஒருவர் வேறு படத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். "இருக்கலாம்" என்பதை அழுத்திச் சொல்லவும். தரை மேடுபள்ளமாக இருந்தால் நிழலின் தலை எது என்று சரியாகத் தெரியாது. இரவுப் படத்தில் விளக்குகள் பல இருக்கும். அதேபோல, ஓரம் மங்கலாக இருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப்பில் பத்து கை மாறிய எந்தப் படமும் மங்கித்தான் போகும்.

இரண்டாம் நாள்

அசலைத் தேடுதல், 25 நிமிடம். கணினிக்கு இரண்டு குழு வீதம் உட்கார்ந்து, கூகுள் லென்ஸிலும் tineye.com தளத்திலும் படத்தை ஏற்றித் தேடட்டும். முழுப் படத்தையும் போட்டால் சில சமயம் ஒன்றும் வராது. சந்தேகப்படும் பகுதியை மட்டும் வெட்டிப் போட்டுப் பார்க்கச் சொல்லவும்.

சுறாவை வெட்டித் தேடுபவர்களுக்கு அதன் அசல் கிடைக்கும். தாமஸ் பெஷாக் தென்னாப்பிரிக்கக் கடலில் எடுத்த படம் அது. சின்னக் கயாக் படகில் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார், பின்னால் சுறா. அந்தச் சுறாவை வெட்டித்தான் 2011இல் போர்ட்டோ ரிக்கோ சாலையில் ஒட்டினார்கள். 2017இல் ஹூஸ்டன் வெள்ளத்தின்போது அதே சுறா மறுபடியும் வந்தது. இத்தனைக்கும் கயாக் படம் நிஜமானது, அதையும் பலர் நம்பவில்லை.

அப்புறம் முதலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் பக்கம் எடுத்த வீடியோவிலிருந்து எடுத்த படம். அது நிஜம். சென்னையைச் சுற்றியுள்ள சில நீர்நிலைகளில் முதலைகள் உண்டு என்று வனத்துறைத் தரப்பிலேயே விளக்கம் சொன்னார்கள். இப்போது நேற்றைய எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லவும். சுறாவைச் சரியாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் முதலையைத் தள்ளிவிட்டார்கள்?

நான்காவது படம், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிடும் படம். பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட ஒரு படத்தில், ஜன்னலுக்கு வெளியே வெள்ளக் காட்சி தெளிவாக ஒட்டப்பட்டிருந்தது. அசலில் வெளியே மங்கல்தான். அந்த அலுவலகமே படத்தை நீக்கி வருத்தம் தெரிவித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னலுக்குள் தெரியும் வீடுகளின் அளவையும் தெளிவையும் ஒப்பிடட்டும். கட்சிப் பேச்சு கிளம்பினால் ஜன்னலுக்குத் திருப்பிக் கொண்டுவரவும்.

கையே வைக்காத படம், 10 நிமிடம். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகச் சில வீடியோக்கள் பரவின. தொடர்பே இல்லாத வேறு சம்பவங்களின் காட்சிகள் அவை. எழுதிய வரி மட்டும்தான் பொய். தமிழ்நாடு காவல்துறை மறுத்தபோதும், பயத்தில் பலர் ஊருக்கு ரயிலேறினார்கள். வீடியோவைத் திரையிட வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். இதில் பட்டர் பேப்பரும் அடிக்கோலும் உதவாது. எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற மூன்று கேள்விகளையும் கரும்பலகையில் எழுதவும். ஏஐ உருவாக்கிய படங்களை இங்கே தொட வேண்டாம், அதற்குத் தனிப் பீரியட் வேண்டும்.

ஆசிரியர் கவனத்துக்கு: மார்ஃபிங் என்ற சொல் வந்தவுடன் யாராவது ஒரு பிள்ளை அமைதியாகிவிடலாம். தன் படத்தையோ தோழியின் படத்தையோ யாராவது திருத்திப் பரப்பியிருந்தால், வகுப்பில் சொல்ல வேண்டாம், தனியாக வந்து சொல்லலாம், தவறு உன்னுடையதல்ல என்று இரண்டு நாளும் ஒருமுறை சொல்லிவிடவும். படத்தை யாரும் வாங்கிப் பார்க்கக் கூடாது, ஆசிரியரும்தான். இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டு எண்களும் கரும்பலகையில் இருக்கட்டும்.

வீட்டுப்பாடமும் மதிப்பீடும்: வீட்டுக் குழுவில் வந்த ஒரு படத்தைப் பற்றி அரைப் பக்கம். கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழைய நாளிதழ்ப் படம் கொடுக்கவும். மொத்தம் 10 மதிப்பெண்: என்ன பார்த்தேன் என்பதற்கு 4, எப்படிச் சரிபார்த்தேன் என்பதற்கு 4, இன்னும் எது தெரியவில்லை என்பதற்கு 2. முடிவு தவறாக இருந்தாலும் மதிப்பெண் குறைக்க வேண்டாம். "பார்த்தாலே தெரியுது" என்று மட்டும் எழுதியிருந்தால், முடிவு சரியாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லவும்.