ஜெர்மனி முதுநிலைப் படிப்பு: ஆலோசகருடன் பேசிய பதிவின் சுருக்கம்

தம்பி, பதிவை முழுசாகக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஆவணங்கள்: பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், ஐஇஎல்டிஎஸ் முடிவு, நோக்கக் கடிதம், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள். சான்றிதழில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். இதை முதலில் சரிசெய்யச் சொன்னார்.

பணம்: வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. விசாவுக்கு 75. அங்கே செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டும் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ. இது கட்டணமல்ல, அங்கே போனபின் மாதம் 992 வீதம் உனக்கே வரும். ஆலோசகர் தன் சேவைக் கட்டணத்தை மட்டும் இரண்டு முறை கேட்டும் (12:40, 31:05) "அப்புறம் பார்க்கலாம்" என்றார். எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதே.

காலம்: குளிர்காலப் பருவத்துக்குப் பெரும்பாலும் ஜூலை 15 கடைசி, மே மாதமே அனுப்பிவிடு. அனுமதிக் கடிதம் வந்த அன்றே விசா நேர்காணலுக்குப் பதிவு செய்.