பன்னிரண்டாம், பத்தாம் வகுப்பு பேட்ச் இணைப்பும் புதிய வகுப்பு நேரமும்: பெற்றோருக்கான அறிவிப்பு

கும்பகோணம்
20.01.2025

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறைக்கு முன்பே பிளஸ் டூ மூன்று பேட்ச்களுக்கும் எல்லாப் பாடங்களிலும் போர்ஷன் முடிந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்கு அறிவியலில் கடைசிப் பாடம் மட்டும் இந்த வாரம் முடியும். இனிமேல் நடக்க வேண்டியது பாடம் அல்ல, எழுத்துப் பயிற்சி. அதற்கு ஏற்றபடி பேட்ச்களை இணைத்து, நேரத்தையும் மாற்றுகிறோம். பிளஸ் டூவுக்கு ஜனவரி 27 திங்கள் முதலும், பத்தாம் வகுப்புக்கு பிப்ரவரி 3 திங்கள் முதலும் இந்த மாற்றம் நடைமுறைக்கு வரும். பிளஸ் ஒன் பேட்ச் இப்போது உள்ள நேரத்திலேயே நடக்கும்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு இதுவரை காலை 5.30, மாலை 5.00, இரவு 7.30 என மூன்று பேட்ச் இருந்தது. காலையில் 18 பேர், மாலையில் 24 பேர், இரவில் 15 பேர். இந்த 57 பேரும் இனி இரண்டு பேட்ச்களாக அமர்வார்கள். ஆங்கில வழி மாணவர்கள் 31 பேருக்கு மாடி ஹாலிலும், தமிழ் வழி மாணவர்கள் 26 பேருக்குக் கீழ் ஹாலிலும் ஒரே நேரத்தில் வகுப்பு நடக்கும்.

பிளஸ் டூ புதிய நேரம்:

திங்கள், புதன்: மாலை 6.15 முதல் 8.00 வரை, கணிதமும் இயற்பியலும்
செவ்வாய், வியாழன்: மாலை 6.15 முதல் 8.00 வரை, வேதியியலும் உயிரியல் அல்லது கணினி அறிவியலும்
வெள்ளி: மாலை 6.15 முதல் 7.30 வரை, ஒரு மதிப்பெண் வினாக்களும் சந்தேகமும்
சனி: மதியம் 2.00 முதல் 5.00 வரை, வேதியியல்
ஞாயிறு: காலை 10.00 முதல் 1.15 வரை, முழுத் தேர்வு

பத்தாம் வகுப்பில் காலை பேட்ச்சில் இருந்த 17 பேரும் மாலை பேட்ச்சில் இருந்த 21 பேரும் பின்புற ஹாலில் ஒன்றாக அமர்வார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5.45 முதல் 7.15 வரை வகுப்பு. ஞாயிறு காலை 10.00 மணிக்கு அவர்களுக்கும் தேர்வு உண்டு.

காலை பேட்ச்சை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று சில பெற்றோர் ஏற்கெனவே கேட்டார்கள். காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் எண்ணம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இரவு பதினொன்றரைக்குப் படுத்து, நாலரைக்கு எழுந்து, சைக்கிளில் இங்கே வந்து, இங்கிருந்து நேராகப் பள்ளியின் எட்டு மணி சிறப்பு வகுப்புக்குப் போகும் பிள்ளை காலையில் படிக்கிறது என்று சொல்ல முடியாது. கண்ணைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரவு பேட்ச் பிள்ளைகள் ஒன்பது மணிக்கு இங்கிருந்து கிளம்பினால் சாப்பிட்டு முடிக்கவே பத்தரை ஆகிறது. பள்ளிகளில் மாலைச் சிறப்பு வகுப்பு ஐந்தரை வரை நடப்பதால் ஐந்து மணி பேட்ச்சுக்குப் பாதிப் பேர்தான் நேரத்துக்கு வர முடிகிறது. மூன்று பேட்ச்சுக்கும் மூன்று விதமான சிரமம். அதனால்தான் எல்லோரும் வரக்கூடிய ஒரே நேரமாக 6.15 முடிவு செய்யப்பட்டது. எட்டு மணிக்கு வகுப்பு முடிந்ததும் பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படித்து, பத்தரைக்குப் படுக்கட்டும். விடியற்காலையில் படிப்பதாக இருந்தால் ஐந்தரைக்கு எழுந்து வீட்டிலேயே படிக்கட்டும். தேர்வு முடியும் வரை இந்தத் தூக்கத்தை நீங்கள்தான் காப்பாற்றித் தர வேண்டும். இதை வேண்டுகோளாகவே வைக்கிறோம்.

மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கவில்லை. நன்றாகப் படிப்பவர்களுக்கு ஒரு பேட்ச், மற்றவர்களுக்கு ஒரு பேட்ச் என்று பிரிக்கும்படி சிலர் யோசனை சொன்னார்கள். தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு பிள்ளையைப் பின்தங்கியவர்கள் பேட்ச்சில் உட்கார வைத்தால், அந்த ஐந்து வாரமும் அது அந்த முத்திரையைச் சுமந்துகொண்டுதான் படிக்கும். பயிற்று மொழி மட்டுமே நம் கணக்கு. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இதுவரை ஒரே வகுப்பில் இரு மொழியிலும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. இனி அவர்களுடைய கலைச்சொற்களிலேயே முழு வகுப்பும் நடக்கும், விடைத்தாளில் எழுத வேண்டிய வாக்கியத்தை அப்படியே கேட்பார்கள்.

கூட்டம் அதிகமானால் என் பிள்ளையைக் கவனிப்பார்களா என்ற கவலை நியாயமானது. பதினைந்து பேர் இருந்த பேட்ச்சிலிருந்து வரும் பிள்ளைக்கு 31 பேர் கூட்டமாகத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு ஹாலிலும் பாட ஆசிரியருடன் இன்னொரு ஆசிரியரும் இருப்பார். பாட ஆசிரியர் கரும்பலகையில் நடத்தும்போது மற்றவர் பெஞ்ச் பெஞ்ச்சாக நோட்டைப் பார்த்து வருவார். கூச்சத்தால் கை தூக்காத பிள்ளைகளுக்கு இது உதவும். அப்படிப்பட்ட பிள்ளைகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு, யார் யார் என்றும் எங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சந்தேக நேரத்தில் முதலில் அவர்களைத்தான் அழைப்போம்.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். பொதுத்தேர்வில் 10.00 மணிக்கு வினாத்தாள் கொடுத்து வாசிக்கப் பத்து நிமிடமும், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடமும் தருகிறார்கள். 10.15 முதல் 1.15 வரை எழுத வேண்டும். அதே நேரத்தில், அதே மூன்று மணி நேரத்தில் எழுதிப் பழக வேண்டும் என்பதால்தான் ஞாயிறு காலையைத் தேர்ந்தெடுத்தோம். இயற்பியல், வேதியியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்: பதினைந்து ஒரு மதிப்பெண், ஆறு இரண்டு மதிப்பெண், ஆறு மூன்று மதிப்பெண், ஐந்து ஐந்து மதிப்பெண். கணிதத்தில் 90 மதிப்பெண்ணில் ஏழு ஐந்து மதிப்பெண் கணக்குகள் மட்டும் 35. அரையாண்டு விடைத்தாள்களைப் பார்த்ததில், விடை தெரியாமல் விட்டதைவிட நேரம் போதாமல் விட்டதே அதிகம். பிள்ளைகளுக்குக் கடைசி இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு நேரமே இருப்பதில்லை. இதற்கு மருந்து கடிகாரத்தைப் பார்த்து எழுதிப் பழகுவது மட்டும்தான்.

தேர்வு நாட்கள்: பிப்ரவரி 2 கணிதம், பிப்ரவரி 16 வேதியியல், பிப்ரவரி 23 இயற்பியல். உயிரியல், கணினி அறிவியல் தேர்வு மட்டும் பிப்ரவரி 22 சனிக்கிழமை மதியம் 2.00 மணிக்கு, அன்றைய வகுப்புக்குப் பதிலாக. ஜனவரி 26 குடியரசு தினம், மையம் விடுமுறை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு பிப்ரவரி 7 முதல் 14 வரை நடப்பதால் அந்த நாட்களில் மாலை வகுப்பும் வார இறுதி வகுப்பும் இல்லை. செய்முறைப் பதிவேடு, வாய்மொழிக் கேள்விகளில் சந்தேகம் உள்ளவர்கள் மாலை 5.30 முதல் 7.00 வரை வரலாம், மற்றவர்கள் வீட்டில் இருக்கட்டும்.

வேதியியலுக்கு மட்டும் சனிக்கிழமை தனியாக மூன்று மணி நேரம் ஏன் என்பதற்கு பொதுத்தேர்வு அட்டவணையே பதில். மார்ச் 3 தமிழ், 6 ஆங்கிலம், 11 கணிதம், 14 கணினி அறிவியல், 18 உயிரியல், 21 வேதியியல், 25 இயற்பியல். கணிதத்துக்கு முன் நான்கு நாள் கிடைக்கிறது, இயற்பியலுக்கு முன் மூன்று நாள். உயிரியல் எழுதும் பிள்ளைக்கு அதை முடித்துவிட்டு வேதியியலுக்குக் கிடைப்பது இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் புதிதாக எதையும் படிக்க முடியாது, திருப்பிப் பார்க்கத்தான் முடியும். கரிம வேதியியல் வினைகளும் பெயர் வினைகளும் பிப்ரவரியிலேயே கைக்கு வந்திருக்க வேண்டும்.

மார்ச் மாதத்தில் தேர்வு இல்லாத நாட்களில் காலை 10.00 முதல் 12.30 வரை அடுத்த தேர்வுக்கான பாடம் மட்டும் நடக்கும். தேர்வுக்கு முந்தைய நாள் 11.30 வரை சந்தேகம் மட்டும். தேர்வு எழுதிய நாளில் வகுப்பு கிடையாது. எழுதி வந்த பிள்ளையிடம் எத்தனை ஒரு மதிப்பெண் சரி என்று கேட்டு வினாத்தாளை அலச வேண்டாம், அடுத்த தேர்வுக்கு உட்கார வேண்டிய மனம் அங்கேயே நின்றுவிடும். மார்ச் 12 மாசி மகம். மகாமகக் குளத்தைச் சுற்றி வாகனங்கள் திருப்பி விடப்படும், பேருந்திலும் கூட்டம் இருக்கும். அன்று மையம் திறக்கப்படாது. கணினி அறிவியல் மாணவர்களுக்கான வினாத்தொகுப்பை முந்தைய வாரமே கொடுத்துவிடுவோம்.

பத்தாம் வகுப்புக்குத் தேர்வு மார்ச் 28 தமிழில் தொடங்கி ஏப்ரல் 2 ஆங்கிலம், 7 கணிதம், 11 அறிவியல், 15 சமூக அறிவியல் என முடிகிறது. செய்முறைத் தேர்வு பிப்ரவரி 22 முதல் 28 வரை. அவர்களுக்கு இன்னும் அவகாசம் இருப்பதால் மார்ச் நேரத்தைப் பிப்ரவரி இறுதியில் தனியாகத் தெரிவிப்போம்.

சுவாமிமலை, தாராசுரம், நாச்சியார்கோவில் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு எட்டு மணி தாமதம் என்பது புரிகிறது. டவுன் பஸ் நேரத்துக்காக முன்னதாகக் கிளம்ப வேண்டிய பிள்ளைகளின் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் 7.40க்கு அனுப்புவோம். அவர்கள் விடும் இருபது நிமிடத்தை வெள்ளிக்கிழமை ஈடுசெய்வோம். ஒரே ஊரிலிருந்து வருபவர்கள் சேர்ந்து ஆட்டோ பேசிக்கொள்ள விரும்பினால் அலுவலகத்தில் சொல்லுங்கள், யார் யார் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சேர்த்துவிடுகிறோம். அழைத்துப் போக ஆள் வரும் வரை எந்தப் பெண் பிள்ளையையும் தெருவில் நிற்கவிட மாட்டோம். அலுவலகம் 8.30 வரை திறந்திருக்கும். வண்டியில் வருபவர்கள் எதிர்வீட்டு வாசலை மறைத்து நிறுத்த வேண்டாம், அந்த வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்காகக் கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை. தேர்வுத்தாள், வினாத்தொகுப்புக்கும் தனியாகப் பணம் வாங்க மாட்டோம். புதிய நேரம் எந்த வகையிலும் ஒத்துவராத குடும்பங்கள் ஜனவரி 25க்குள் சொன்னால், பிப்ரவரி, மார்ச் கட்டணம் முழுதும் திருப்பித் தரப்படும். அந்தப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வை எழுதலாம், திருத்தித் தருவோம்.

தேர்வு மதிப்பெண் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவரவர் பெற்றோரின் வாட்ஸ்அப் எண்ணுக்குத் தனியாக வரும். பெற்றோர் குழுவில் போட மாட்டோம். நீங்களும் அங்கே மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கேட்க வேண்டாம்.

நேரில் பேச ஜனவரி 25 சனிக்கிழமை மாடி ஹாலில் கூட்டம் வைத்திருக்கிறோம். பிளஸ் டூ பெற்றோருக்கு மாலை 5.30, பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு 7.00 மணி. நான்கு பாட ஆசிரியர்களும் இருப்பார்கள். அம்மா, அப்பா இருவரில் யார் வந்தாலும் போதும், தாத்தா பாட்டி வந்தாலும் சரி. அரையாண்டு விடைத்தாள்களை அன்று கையில் தருகிறோம். வர இயலாதவர்கள் பிள்ளையின் பெயர், வகுப்பு, பயிற்று மொழி, அழைத்துப் போக வருபவர் யார் என்ற விவரத்தை வெள்ளிக்கிழமைக்குள் அலுவலக வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகியும் பாட ஆசிரியர்களும்